முட்டை அலர்ஜி உள்ள குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி: பெட்டிக்குள் இருக்கும் சீட்டு "வேண்டாம்" என்கிறதே, போடலாமா?

ஃப்ளூ தடுப்பூசிப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே எட்டாக மடித்த ஒரு மெல்லிய சீட்டு இருக்கும். அதில் "யாருக்குப் போடக்கூடாது" என்ற பகுதியில், முட்டைப் புரதம், கோழிப் புரதம் ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். முட்டை அலர்ஜி உள்ள பிள்ளையின் தாய் அதைப் படித்துவிட்டுப் பயந்து திரும்பிப் போகிறார். சில இடங்களில் மருத்துவரே அதைக் காட்டி, "எதுக்கு ரிஸ்க்? விட்டுடுங்க" என்கிறார்.

ஆனால் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2023-24 பருவத்திலிருந்து சொல்வது இதற்கு நேர்மாறானது. ஆறு மாதம் நிரம்பிய யாராக இருந்தாலும், முட்டை அலர்ஜி எவ்வளவு கடுமையாக இருந்தாலும், வயதுக்கு ஏற்ற எந்த ஃப்ளூ தடுப்பூசியையும் போடலாம். முட்டை அலர்ஜிக்காக என்று கூடுதல் முன்னெச்சரிக்கை எதுவும் தேவையில்லை. எல்லாத் தடுப்பூசிக்கும் எடுக்கும் முன்னெச்சரிக்கையே போதும். சீட்டு ஒன்று சொல்ல, வழிகாட்டுதல் வேறொன்று சொல்வது ஏன் என்பது புரிந்துவிட்டால் எஞ்சிய முடிவுகள் எளிது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

முட்டை எங்கே வருகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது

1930களில் மெல்பர்னில் மக்ஃபர்லேன் பர்னெட் ஃப்ளூ வைரஸைக் கோழிக் கருமுட்டையில் வளர்த்துக் காட்டினார். 1945இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான முட்டைவழித் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. அடிப்படை முறை இன்றும் அதுதான். சேவலோடு சேர்ந்த கோழி இட்ட முட்டையை அடைகாக்கும் கருவியில் வைத்து, கரு பத்து, பதினோரு நாள் வளர்ந்ததும் ஓட்டில் சிறு துளையிட்டு, கருவைச் சூழ்ந்த நீர்ப்பையில் வைரஸைச் செலுத்துகிறார்கள். இரண்டு மூன்று நாளில் வைரஸ் அந்த நீரில் பெருகிவிடும். அதன் பிறகு முட்டையைக் குளிரவைத்து, மேல் ஓட்டை வெட்டி, அந்த நீரை மட்டும் உறிஞ்சி எடுக்கிறார்கள். அலர்ஜியை உண்டாக்கும் புரதங்கள் அதிகம் இருப்பது வெள்ளைக்கருவில். எடுக்கப்படுவது வெள்ளைக்கரு அல்ல, கருவைச் சூழ்ந்த நீர். முதல் வடிகட்டல் அங்கேயே நடந்துவிடுகிறது.

அந்த நீரைச் சர்க்கரைக் கரைசலில் அதிவேகமாகச் சுழற்றுவார்கள். வைரஸ் ஓர் அடுக்கில் திரள, முட்டைப் புரதம் பெரும்பாலும் வேறு அடுக்கில் நின்றுவிடும். பிறகு ஃபார்மால்டிஹைடு போன்ற ஒன்றால் வைரஸைச் செயலிழக்கச் செய்து, சோப்பு போன்ற ஒரு பொருளால் அதை உடைத்து, மீண்டும் சுத்தம் செய்து, பல மடங்கு நீர்க்கச் செய்து ஊசியில் நிரப்புகிறார்கள்.

கடைசியில் மிஞ்சுவது எவ்வளவு என்பதை ஓவால்புமின் என்ற வெள்ளைக்கருப் புரதத்தை அளந்து சொல்வார்கள். 0.5 மி.லி. டோஸ் ஒன்றில் அதிகபட்சம் 1 மைக்ரோகிராம் என்பது பழகிய வரம்பு. இப்போது புழக்கத்தில் உள்ள பல தடுப்பூசிகளின் சீட்டில் 0.05 அல்லது 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இல்லை என்றே போட்டிருக்கும். ஒரு பெரிய முட்டையின் வெள்ளைக்கருவில் சுமார் 2 கிராம் ஓவால்புமின் உண்டு. 1 மைக்ரோகிராம் என்பது அதில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. 0.05 என்றால் நாலு கோடியில் ஒரு பங்கு.

"வாய்வழி போவதும் ஊசி வழி போவதும் ஒன்றா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊசி வழி போகும் புரதம் செரிமானத்தில் சிதையாது, அதனால் மேலே சொன்ன கணக்கு மட்டும் பதிலாகாது. பதில், போட்டுப் பார்த்த அனுபவத்தில்தான் கிடைத்தது. முட்டை அலர்ஜி உள்ள 4,315 பேருக்கு ஃப்ளூ ஊசி போட்ட 28 ஆய்வுகளை அமெரிக்க அலர்ஜி மருத்துவர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 656 பேர் முன்பு முட்டை சாப்பிட்டு அனாஃபிலாக்சிஸ் எனும் உயிராபத்தான அலர்ஜிக்கு ஆளானவர்கள். ஒருவருக்குக்கூடத் தடுப்பூசியால் அப்படிப்பட்ட கடும் விளைவு வரவில்லை.

பத்து லட்சம் டோஸுக்கு ஒருவர், ஒன்றரைப் பேர் என்ற அளவில் ஃப்ளூ ஊசிக்குப் பிறகு அனாஃபிலாக்சிஸ் வருவது உண்மை. ஆனால் அது மற்றத் தடுப்பூசிகளுக்கும் உள்ள விகிதம்தான். முட்டை அலர்ஜி உள்ளவர்களுக்கு மட்டும் அது கூடுதலாக வருவதாகத் தெரியவில்லை.

இந்தத் தரவு ஒரே நாளில் வந்ததல்ல. முன்பெல்லாம் தடுப்பூசித் துளியைத் தோலில் குத்திப் பார்ப்பார்கள், பத்தில் ஒரு பங்கைப் போட்டுக் காத்திருந்து மீதியைப் போடுவார்கள். 2011இல் சிடிசி, தோல் தடிப்பு மட்டும் வந்தவர்களுக்கு ஊசி போட்டு 30 நிமிடம் உட்கார வைக்கலாம் என்றது. 2016இல் அந்தத் தனிக் காத்திருப்பும் நீங்கியது. 2023இல், கடும் அலர்ஜி உள்ளவர்கள் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில்தான் போட வேண்டும் என்ற கடைசி நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். சீட்டில் உள்ள வாசகமோ உரிமம் பெற்றபோது எழுதப்பட்டது. அது உற்பத்தியில் பயன்படும் எல்லாப் பொருளையும் அப்படியே பட்டியலிடுகிறது. அதை மாற்ற உற்பத்தியாளரும் அனுமதி தரும் அமைப்பும் நடைமுறையைத் தொடங்கியாக வேண்டும். வழிகாட்டுதல் முன்னே போக, சீட்டு பின்தங்கி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

முதல் படி: உங்கள் வீட்டில் இருப்பது உண்மையில் எது?

"முட்டை ஒத்துக்காது" என்று நாம் சொல்வதற்குள் பல விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. முட்டை சாப்பிட்டால் சூடு, வயிறு சரியில்லை, கரப்பான் கூடுகிறது என்பதெல்லாம் ஒரு வகை. சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ கண்ணோ வீங்குவது, திரும்பத் திரும்ப வாந்தி, இருமல், வீசிங், குழந்தை துவண்டுபோவது, இவைதான் நாம் பேசும் உடனடி அலர்ஜி.

இரண்டில் எதுவாக இருந்தாலும் தடுப்பூசி போடலாம் என்பதே விடை. ஆனாலும் என்ன நடந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வயதில், எவ்வளவு முட்டை, எத்தனை நிமிடத்தில், என்னென்ன அறிகுறி, என்ன மருந்து கொடுத்தார்கள். ஊசிக்குப் பிறகு ஏதாவது நடந்தால் மருத்துவருக்கு இந்தக் குறிப்பு உதவும்.

இதைவிட முக்கியமான கேள்வி வேறு. இதற்கு முன் ஃப்ளூ தடுப்பூசிக்கே கடும் அலர்ஜி வந்திருக்கிறதா? வந்திருந்தால் வழி இங்கே பிரிகிறது. நீங்கள் அலர்ஜி நிபுணரிடம் போக வேண்டும். காரணம் முட்டையாக இல்லாமல், அதில் மிஞ்சியிருக்கும் ஜென்டாமைசின், நியோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக், ஜெலட்டின் அல்லது வேறு ஒரு சேர்மானமாக இருக்கலாம். கடும் அலர்ஜியைத் தூண்டியது எது என்று தெரியாமல் அதே ஊசியைத் திரும்பப் போடக்கூடாது. முன்பு ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லன் பாரே எனும் நரம்புப் பலவீனம் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சைவ வீடுகளிலிருந்து வரும் ஒரு கேள்வியை இங்கேயே முடித்துவிடலாம். "குழந்தைக்கு முட்டையே கொடுத்ததில்லை. அலர்ஜி இருக்கிறதா என்று தெரியாது. கொஞ்சம் கொடுத்துப் பார்த்துவிட்டு ஊசி போடலாமா?" தேவையே இல்லை. தடுப்பூசிக்காக முட்டை ஊட்டிப் பார்க்கவும் வேண்டாம், முட்டை அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். விடை எதுவாக வந்தாலும் ஊசி போடும் முடிவு மாறப்போவதில்லை.

இரண்டாம் படி: எந்தத் தடுப்பூசி, எப்போது

முட்டையில்லாத ஃப்ளூ தடுப்பூசிகளும் உலகில் உண்டு. நாயின் சிறுநீரகச் செல்வரிசையில் வளர்ப்பது ஒன்று, பூச்சிச் செல்லில் வைரஸின் புரதத்தை மட்டும் உருவாக்குவது இன்னொன்று. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவை எளிதாகக் கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் முட்டை அலர்ஜிக்காக மட்டும் அவற்றைத் தேடி மாதக்கணக்கில் காத்திருப்பது சரியல்ல. கையில் கிடைக்கும் முட்டைவழித் தடுப்பூசியே போதும்.

மூக்கில் தெளிக்கும் உயிருள்ள வைரஸ் தடுப்பூசியும் முட்டையில் தயாராவதுதான். பிரிட்டனில் முட்டை அலர்ஜி உள்ள 779 பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள், உடல் முழுதும் பரவும் அலர்ஜி யாருக்கும் வரவில்லை. அங்கு முட்டையால் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போன குழந்தைகளுக்கு மட்டும் நிபுணரின் ஆலோசனையைக் கேட்கச் சொல்கிறார்கள். எங்கள் பரிந்துரை வேறொரு காரணத்தால் ஊசிப் பக்கம் சாய்கிறது. முட்டை அலர்ஜி உள்ள குழந்தைகளில் வீசிங் இருப்பவர்கள் நிறைய. வீசிங் உள்ள சிறு குழந்தைக்கு மூக்குத் தெளிப்பு ஏற்றதல்ல.

ஆறு மாதத்திலிருந்து எட்டு வயது வரை உள்ள குழந்தைக்கு முதல் முறை போடும்போது நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ். அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்று. ஒன்பது வயதுக்கு மேல் முதல் முறையும் ஒரு டோஸ் போதும். இப்போதுள்ள பெரும்பாலான தடுப்பூசிகளில் சிறு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே 0.5 மி.லி. அளவுதான். பழைய சில தடுப்பூசிகளில் மூன்று வயதுக்குள் 0.25 மி.லி. இருந்தது, அதனால் குறிப்பிட்ட பெட்டியில் உள்ள அளவை ஒரு முறை சரிபாருங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. டெல்லியிலும் மும்பையிலும் புனேயிலும் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தைத் தொடும். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் உச்சம் தெரியும். தடுப்பாற்றல் உருவாக இரண்டு வாரம் ஆகும். முதல் முறை இரண்டு டோஸ் என்றால் ஆகஸ்ட் கடைசிக்குள் தொடங்கிவிடுவது நல்லது.

மருந்துக்கடையில் வாங்கி மருத்துவரிடம் கொண்டுபோகும் பழக்கம் நம்மிடம் உண்டு. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. ஐஸ் கட்டியின் மேல் நேராக வைத்துக் கொண்டுவந்தால் உறைந்து வீணாகும். நடுவில் துணியோ அட்டையோ வைத்துக் கட்டுங்கள். முடிந்தால் கிளினிக்கிலேயே வாங்குவது இன்னும் நல்லது.

மூன்றாம் படி: மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

அலர்ஜியை மறைக்க வேண்டாம். மறைத்தால் ஏதாவது நடக்கும்போது மருத்துவர் குருட்டாட்டத்தில் மாட்டிக்கொள்வார். இப்படிச் சொல்லலாம்: "டாக்டர், பாப்பாவுக்குப் பதினோரு மாசத்துல ஆஃப்பாயில் கொடுத்தப்ப பத்து நிமிஷத்துல உடம்பெல்லாம் தடிச்சு, வீசிங் வந்து ஆஸ்பத்திரில சேர்த்தோம். ஃப்ளூ ஊசி இதுவரைக்கும் போட்டதில்ல. முட்டை அலர்ஜி இருந்தாலும் போடலாம்னு 2023ல இருந்து சிடிசி சொல்லுதுன்னு படிச்சோம். உங்ககிட்ட அட்ரினலின் வசதி இருக்குதா, இங்கயே போடலாமா?"

கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. எந்தத் தடுப்பூசி போடும் இடத்திலும், கடும் அலர்ஜிக்கான அவசர மருந்தான அட்ரினலினும் அதைச் செலுத்தத் தெரிந்தவரும் இருந்தாக வேண்டும், முட்டை அலர்ஜி இருந்தாலும் இல்லாவிட்டாலும். இல்லையென்றால் வேறு இடம் போங்கள். மருத்துவர் இன்னும் தயங்கினால், பெரிய குழந்தைகள் மருத்துவமனையில் போட்டுக்கொள்ளலாம். "வேண்டாம்" என்பதைவிட "வேறு இடத்தில்" என்பது நல்ல விடை.

ஒரு சில கிளினிக்குகளில் இன்னும் பழைய வழக்கப்படி தடுப்பூசித் துளியைத் தோலில் குத்திப் பார்க்கலாம் என்பார்கள். அதனால் பயன் இல்லை. தடுப்பூசித் திரவமே தோலை உறுத்திப் பொய்த் தடிப்பைக் காட்டும், தேவையில்லாமல் ஊசி தள்ளிப்போகும். டோஸைப் பிரித்துப் போடுவதும் அப்படித்தான். முழு டோஸை ஒரே முறையில் போடச் சொல்லுங்கள்.

முன்கூட்டியே செட்ரிசின் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. தேவையில்லை. அது கடும் அலர்ஜியைத் தடுக்காது, ஆரம்பத் தடிப்பை மட்டும் மறைத்துக் கண்ணுக்கு ஏய்ப்புக் காட்டும். மூக்கடைப்புக்கோ அரிப்புக்கோ ஏற்கெனவே தினமும் எடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டியதில்லை. வீசிங் அதிகமாக இருக்கும் நாளில் மட்டும் ஊசியைத் தள்ளிப் போடுங்கள். பின்னர் மூச்சுத் திணறல் வந்தால் அது ஊசியாலா, பழைய வீசிங்கா என்று யாராலும் சொல்ல முடியாது.

நான்காம் படி: ஊசி போட்ட பிறகு உள்ள அரைமணி

குழந்தைக்குத் தொடையிலும் வளர்ந்தவர்களுக்குத் தோளிலும் போடுவார்கள். போட்டதும் வண்டியில் ஏறாதீர்கள். சிடிசியின் கணக்குப்படி 15 நிமிடம் போதும். நம் ஊர் தடுப்பூசி நடைமுறையில் அரைமணி உட்கார வைப்பார்கள், அப்படியே இருங்கள். அது எல்லாக் குழந்தைக்கும் உள்ளதுதான், உங்கள் குழந்தைக்கு மட்டும் போட்ட தண்டனை அல்ல.

அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது ஊசி போட்ட இடத்தை அல்ல, குழந்தையை. ஊசி இடத்தில் சிவப்பு, வலி, ஒரு நாள் காய்ச்சல் ஆகியவை அலர்ஜி அல்ல. வளரிளம் பிள்ளைகள் சிலர் ஊசியைக் கண்டதுமே வெளுத்து, வியர்த்து, மயங்கி விழுவார்கள். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும், நாடி மெதுவாக இருக்கும், தோலில் தடிப்பு இருக்காது. அனாஃபிலாக்சிஸ் அப்படியல்ல. ஊசி இடத்துக்கு வெளியே தடிப்பு பரவும், உதடு வீங்கும், இருமல் நிற்காது, குரல் கம்மும், வாந்தி வரும், குழந்தை துவண்டு விழும், நாடி வேகமாக ஓடும். தோல் அறிகுறியோடு மூச்சு அல்லது வயிறு அல்லது துவளல் சேர்ந்தாலே அட்ரினலினுக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அட்ரினலின் 1 மி.லி.க்கு 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூல், ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். பத்து கிலோ குழந்தைக்கு 0.1 மி.லி. நாற்பது யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் இது நாலாவது யூனிட் கோடு. அவ்வளவு சிறிய அளவைப் பதற்றத்தில் கணக்குப் போட முடியாது, அதனால்தான் ஊசிக்கு முன்பே குழந்தையின் எடை சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியவர் மருத்துவர் அல்லது செவிலியர். வீட்டுக்குப் போன பின் அறிகுறி வந்தால் ஆன்டிஹிஸ்டமின் சிரப் தேடாமல் 108ஐ அழையுங்கள், குழந்தையை எழுப்பி நடக்கவிடாமல் படுக்கவைத்திருங்கள். மூச்சுத் திணறினால் உட்கார்ந்த நிலை பரவாயில்லை. அட்ரினலின் போட்டுச் சரியான பிறகும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும், அறிகுறி திரும்ப வரலாம்.

ஒரு குழந்தையின் கணக்கு

வேலூரில் ஒரு பதினெட்டு மாதக் குழந்தை என்று வைத்துக்கொள்வோம், எடை பத்து கிலோ. முட்டை சாப்பிட்டு அனாஃபிலாக்சிஸ் வந்தது, கடந்த ஏழு மாதமாக முட்டை தொடவில்லை. அவ்வப்போது வீசிங் உண்டு. ஃப்ளூ ஊசி இதுவரை போடவில்லை. ஆகஸ்ட் 20 அன்று வீசிங் இல்லாத நாளாகப் பார்த்து, குழந்தைகள் மருத்துவரிடம் முட்டைவழித் தடுப்பூசி 0.5 மி.லி. முழுதாகத் தொடையில். அரைமணி உட்கார்ந்து, வீடு திரும்புதல். நாலு வாரம் கழித்து, செப்டம்பர் 17 அன்று இரண்டாம் டோஸ். முதல் டோஸ் எந்தக் கம்பெனி என்பதைத் தடுப்பூசி அட்டையில் எழுதியிருக்க வேண்டும், ஆனால் அதே கம்பெனி இரண்டாம் முறை கிடைக்காவிட்டால் வேறொன்று போடுவதில் தவறில்லை. அக்டோபர் மழை தொடங்கும்போது பாதுகாப்பு உருவாகியிருக்கும். முதல் டோஸ் சிக்கலில்லாமல் போனது என்பதே, இரண்டாவது டோஸுக்கு எந்தப் பரிசோதனையையும்விடப் பெரிய ஆதாரம். அடுத்த ஆண்டு ஒரே டோஸ், அதே வழி.

மற்றத் தடுப்பூசிகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

எம்எம்ஆர் தடுப்பூசித் தயாரிப்பில் கோழிக் கருவின் செல் பயன்படுகிறது. அதில் முட்டைப் புரதம் கிட்டத்தட்ட இல்லை, முட்டை அலர்ஜி அதற்குத் தடையே அல்ல. கோழிக்கருச் செல்லில் தயாராகும் வெறிநாய்க்கடி ஊசியும் உண்டு. கடிபட்டவர் முட்டை அலர்ஜியைச் சொல்லி அதைத் தள்ளிப் போட்டால் உயிர் போகும், கடிபட்ட பின் எந்த அலர்ஜியும் தடையல்ல.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மட்டும் வேறு ரகம். இதுவும் கருமுட்டையில்தான் வளர்கிறது. ஃப்ளூ ஊசி அளவுக்கு அதைச் சுத்திகரிப்பதில்லை, முட்டைப் புரதம் கூடுதலாக மிஞ்சுகிறது. ஆப்பிரிக்கா போகச் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அதைப் போட வரிசையில் நிற்கும் குடும்பத்தில் ஒருவருக்கு முட்டை சாப்பிட்டுக் கடும் அலர்ஜி வந்திருந்தால், "ஃப்ளூ ஊசி போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே" என்ற தைரியத்தில் கை நீட்டக்கூடாது. பயணத்துக்குப் பல வாரம் முன்பே அலர்ஜி நிபுணரைப் பார்த்து, போடலாமா அல்லது மருத்துவ விலக்குச் சான்றிதழ் வாங்கலாமா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.